மூன்று வேலைக்கு ஒரு வாட்ச்

"ஐயா, எனக்கு வயது 29. சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் முழுக்கைச் சட்டைதான். ஆவணியிலிருந்து சொந்தத்தில் வரிசையாகக் கல்யாணங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நண்பர்களோடு பைக்கில் ஏற்காடு. இந்த மூன்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே ஒரு வாட்ச் வாங்க 10,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். கடையில் ஒன்று ரொம்பப் பிடித்துவிட்டது: 44 மில்லிமீட்டர், தங்கக் கலரும் வெள்ளிக் கலரும் கலந்த செயின், டயலுக்குள் மூன்று குட்டி டயல், 30 மீட்டர் வாட்டர் ரெசிஸ்ட், 8,500 ரூபாய். தம்பி ஸ்மார்ட் வாட்ச்தான் வாங்கணும் என்கிறான். என் மணிக்கட்டு ஒல்லி, சுற்றளவு 16 சென்டிமீட்டர். எதை வாங்கட்டும்?"
— வாசகர், அஸ்தம்பட்டி

தம்பி, அந்தத் தங்கக் கலர் வாட்ச் வேண்டாம். விலை அதிகம் என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன மூன்று வேலையில் ஒன்றுக்குக்கூட அது முழுசாகப் பொருந்தாது. ஏன் என்று அந்த வாட்ச்சையே வைத்துச் சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் எந்தக் கடையிலும் நீங்களே பார்த்து எடுத்துவிடலாம்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது அதைக் கையில் வாங்கி முதலில் பின்பக்கம் திருப்புங்கள். பின்மூடியில் ஓரமாகப் பொடி எழுத்தில் ஏதாவது எழுதியிருக்கும். 'ஆல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்றோ 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேஸ்' என்றோ இருந்தால் நல்லது. 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று மட்டும் இருந்தால் பின்மூடி மட்டும்தான் ஸ்டீல். மேலே பளபளக்கிற உடம்பு பித்தளையோ துத்தநாகக் கலவையோ, அதன்மேல் முலாம். சிலவற்றில் 'பேஸ் மெட்டல் பெசல்' என்று நேராகவே போட்டிருப்பார்கள், யாரும் படிப்பதில்லை. காந்தம் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அது நடக்காது. பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது, வாட்ச்சுக்குப் போடுகிற நல்ல ஸ்டீலும் ஒட்டாது. எழுத்தைப் படிப்பதுதான் வழி. எழுத்தே இல்லை என்றால் கேஸ் எதில் செய்தது என்று கடைக்காரரிடம் கேட்டு, பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதிலேயே பதில் இருக்கிறது.

சேலத்துச் சித்திரை வெயிலில் வியர்வை என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முலாம் போட்ட கேஸில் வியர்வை முதலில் பிடிப்பது கண்ணுக்குத் தெரியாத இடத்தை. செயின் கேஸோடு சேருகிற கொம்பின் அடிப்பக்கம், பின்மூடியைச் சுற்றியுள்ள விளிம்பு, கீ இருக்கிற பள்ளம். அங்கே முதலில் மங்கல், அப்புறம் சின்னச் சின்னப் புள்ளி, அப்புறம் பச்சையாக ஒரு பொடி. அந்தப் பொடியைச் சுரண்டிவிட்டு 'பாலிஷ் போட்டால் சரியாகிடுமா' என்று கேட்டு வருகிறவர்கள் எல்லா ரிப்பேர் கடைக்கும் உண்டு. பாலிஷ் போட்டால் மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும். திரும்ப முலாம் பூச வேண்டுமானால் உள்ளே உள்ள மிஷின், கண்ணாடி, டயல் எல்லாவற்றையும் கழற்றி வெறும் கேஸாகக் கொடுக்க வேண்டும். அந்தச் செலவு இந்த விலை வாட்ச்சுக்குக் கட்டுபடியாகாது. தங்கக் கலர் என்றால் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஸ்டீல்மேல் பூசிய தங்கக் கலரே ஆனாலும், மேஜையில் உரசுகிற கொக்கிப் பக்கத்தில் முதலில் வெளுத்து, வாட்ச் ஒரு நிறம் செயின் ஒரு நிறமாகத் தெரிய ஆரம்பிக்கும். வெறும் ஸ்டீலில் கீறல் விழும், ஆனால் நிறம் மாறாது. கீறலோடு பல வருடம் கட்டலாம்.

அடுத்தது அளவு. ஒரு நூலை மணிக்கட்டில் சுற்றி 16 என்று அளந்திருக்கிறீர்கள். இன்னொன்றும் அளக்க வேண்டும். கையை மேஜைமேல் கவிழ்த்து வைத்து, வாட்ச் உட்காருகிற இடத்தில் மேல்பரப்பு எத்தனை அகலம் என்று ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 16 சென்டிமீட்டர் கைக்கு அது 5 சென்டிமீட்டரை ஒட்டித்தான் வரும். வாட்ச்சின் மேல் கொம்பு நுனியிலிருந்து கீழ்க் கொம்பு நுனி வரை உள்ள நீளம் இந்த அகலத்தைத் தாண்டக் கூடாது. 44 மில்லிமீட்டர் வாட்ச்களில் இந்த நீளம் பெரும்பாலும் 50க்கு மேல் போகும். கொம்பு இரண்டு பக்கமும் கையைத் தாண்டி நீட்டிக்கொண்டு நிற்கும், நடுவில் சந்து தெரியும். அண்ணன் வாட்ச்சைத் தம்பி கட்டின மாதிரி இருக்கும். உங்கள் கைக்கு 37லிருந்து 39 மில்லிமீட்டர் கேஸ், நுனியிலிருந்து நுனி வரை 45 அல்லது 46 சரியாக இருக்கும். பெட்டியில் கேஸின் விட்டத்தை மட்டும்தான் போட்டிருப்பார்கள். அதனால் சின்ன ஸ்கேல் ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

மூன்று குட்டி டயல் விஷயம் இன்னும் சிக்கல். அவை உண்மையிலேயே வேலை செய்கிற ஸ்டாப்வாட்ச் என்றால், கீக்கு மேலேயும் கீழேயும் இரண்டு பட்டன் இருக்கும். கீ போகிற ஓட்டையோடு சேர்த்துத் தண்ணீர் நுழைய மூன்று வழி. மிஷினும் தடிமன் ஆகி, கேஸ் 12 மில்லிமீட்டரைத் தொடும். தினமும் முழுக்கைச் சட்டை போடுகிறவருக்கு 10 மில்லிமீட்டரைத் தாண்டினாலே கஃப் பட்டன் போட்ட பிறகு மணி பார்க்கக் கையை உதற வேண்டியிருக்கும். சட்டைக் கஃப் ஓரமும் கேஸ் உரசி நைந்துபோகும். கணக்குப் பிரிவில் ஸ்டாப்வாட்ச்சுக்கு என்ன வேலை, சொல்லுங்கள்.

ஸ்மார்ட் வாட்ச் பற்றி உங்கள் தம்பியோடு சண்டை வேண்டாம். நடை, இதயத் துடிப்பு எல்லாம் பார்க்க வேண்டும் என்றால் அது நல்ல பொருள்தான். ஆனால் சில வருடத்தில் பேட்டரி தளரும், மாற்றுவது சுலபம் இல்லை. முகூர்த்தத்தில் எல்லாரும் அட்சதையோடு நிற்கும்போது உங்கள் கையில் வெளிச்சம் பளிச்சென்று அடிக்கும். நீங்கள் கேட்டது கல்யாணத்துக்கும் சேர்த்து என்பதால் அதை விட்டுவிடலாம்.

சரி, எதைத் தேடுவது? மூன்று முள், தேதி இருந்தால் ஒரு சின்னக் கட்டம், அவ்வளவுதான் டயல். முழு ஸ்டீல் கேஸ். கனம் 10 மில்லிமீட்டருக்குள். டயல் வெள்ளி கலந்த வெள்ளையாகவோ கருநீலமாகவோ இருக்கட்டும். பட்டு வேட்டிக்கும் வெளிர் சட்டைக்கும் வெள்ளை டயல் நன்றாக எடுக்கும். ஏற்காட்டில் இருந்து இருட்டின பிறகு இறங்குகிற பழக்கம் இருந்தால் கருநீலம் எடுங்கள். ஒளிரும் பூச்சு உள்ள வெள்ளை முள் கருநீலத்தில் இருட்டிலும் தெரியும், வெள்ளை டயலில் பகலில்கூடச் சில வாட்ச்களில் முள் பளபளப்பில் கரைந்துபோகும். கடையில் டியூப்லைட்டுக்கு நேராக ஒரு தரம், சாய்த்து ஒரு தரம் பாருங்கள்.

இன்னொரு அளவுதான் இந்தக் கேள்விக்கே சாவி. இரண்டு கொம்புக்கும் நடுவே பட்டை நுழைகிற இடைவெளி. அது 20 மில்லிமீட்டர் என்று இருக்கும்படி பார்த்து வாங்குங்கள், 18 என்றாலும் பரவாயில்லை. இந்த இரண்டு அளவிலும் எந்தக் கடைத்தெருவிலும் பெல்ட் கிடைக்கும். 19, 21 என்று ஒற்றைப்படையில் வந்தால் தேடி அலைய வேண்டும். கேஸும் செயினும் ஒரே வார்ப்பு மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிற டிசைன் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. பார்க்க அழகு. ஆனால் அதில் வேறு பட்டை போட முடியாது, அந்தக் கம்பெனி செய்கிற பட்டை மட்டும்தான். உங்களைப் போல ஒரே வாட்ச்சை மூன்று வேஷத்துக்குக் கட்ட நினைக்கிறவர் அதைத் தொடவே கூடாது. ஏனென்றால் மாறப்போவது வாட்ச் இல்லை, பட்டை.

எந்தப் பட்டை எதற்கு என்பதில் புத்தக விதி ஒன்று உண்டு: விசேஷத்துக்கு லெதர், மற்ற நாளுக்குச் செயின். குளிர் நாட்டில் கோட் போட்டுக்கொண்டு விருந்துக்குப் போகிறவர்களுக்கு அது சரி. நம் கல்யாண மண்டபத்துக்கு அதைத் திருப்பிப் போட வேண்டும். வாசலிலேயே பன்னீர் தெளிக்கிறார்கள், சந்தனம் கையில் வருகிறது, மண்டபத்துக்குள் ஹோமப் புகையும் கூட்டமும் வியர்வையும். அப்புறம் பந்தியில் இலைக்குத் தண்ணீர் தெளிப்பது, கை கழுவும் இடத்தில் நெருக்கித் தள்ளுவது. லெதர் ஒரு முகூர்த்தத்தைத் தாங்கும். ஒரு சீசனைத் தாங்காது. உள்பக்கம் கறுத்து நாற்றம் எடுக்கும், சந்தனக் கறை மேலே மஞ்சளாக நிற்கும். செயின் என்றால் வீட்டுக்கு வந்ததும் பழைய பல் பிரஷ்ஷில் துளி சோப்புத் தண்ணீர் தொட்டுக் கண்ணிகளுக்கு நடுவே தேய்த்துத் துடைத்தால் போதும். வெள்ளி நிறச் செயின் பட்டு வேட்டிக்குப் பொருந்தாது என்று யாராவது சொன்னால், சேலம் வெள்ளிக்குப் பேர் போன ஊர் என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

லெதர் உங்கள் ஏசி ஆபீஸுக்கு. கறுப்பு வேண்டாம், கரும்பழுப்பு எடுங்கள். வெள்ளை, கருநீலம் இரண்டு டயலுக்கும் சேரும். கஃபுக்குள் செயினைவிட லேசாக அடங்கும், கீபோர்டில் தட்டும்போது கொக்கி மேஜையில் இடிக்காது. ஏற்காட்டுக்கு நைலான் அல்லது சிலிகான். மழையில் நனைந்தால் கவலையில்லை. நைலானில் ஒரே நீளத் துண்டாகக் கேஸுக்கு அடியிலும் ஓடுகிற வகையைப் பாருங்கள். அதில் ஒரு பக்கத்து ஸ்பிரிங் பின் தெறித்தாலும் இன்னொரு பின்னில் வாட்ச் தொங்கிக்கொண்டு நிற்கும், கொண்டை ஊசி வளைவில் கீழே விழாது.

பட்டை மாற்ற ஒவ்வொரு தடவையும் கடைக்குப் போவதாக இருந்தால் இரண்டு வாரத்தில் அலுத்துவிடும். அதனால் பெல்ட் வாங்கும்போது 'குவிக் ரிலீஸ்' உள்ளதாகக் கேளுங்கள். ஸ்பிரிங் பின்னிலேயே ஒரு குட்டிக் குமிழ் இருக்கும், அதை நகத்தால் இழுத்தால் பட்டை கழன்று வரும். செயினுக்கு அந்த வசதி பெரும்பாலும் இருக்காது, முனை பிளந்த சின்ன நெம்பி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கொம்பின் உள்பக்கமாக நெம்ப வேண்டும், வெளிப்பக்கம் வழுக்கினால் கேஸில் கீறல். பின் இரண்டு பக்க ஓட்டையிலும் விழுந்து 'டிக்' என்று சத்தம் கேட்ட பிறகு, பட்டையைப் பிடித்து நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் கையில் கட்ட வேண்டும்.

இப்போது தண்ணீர். 30 மீட்டர் என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு 30 மீட்டர் ஆழம் போகலாம் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது சோதனையில் வைத்துப் பார்க்கிற அழுத்தத்தின் கணக்கு, நீங்கள் முங்குகிற ஆழம் இல்லை. நடைமுறையில் 30 என்றால் கை கழுவும்போது தெறிக்கிற தண்ணீர், 50 என்றால் நல்ல மழை, 100 என்றால் நீச்சல். பைக்கில் மலை ஏறி இறங்குகிறவருக்கு 50 கட்டாயம், அதே பணத்தில் 100 கிடைத்தால் அதை எடுங்கள். எத்தனை மீட்டராக இருந்தாலும் சுடுதண்ணீர் ஆகாது. ஏற்காட்டில் தங்கினால் காலையில் கீசர் தண்ணீரில் குளிப்பீர்கள், அப்போது கழற்றி வைத்துவிடுங்கள். உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் சூட்டுக்கும் சோப்புக்கும்தான் சீக்கிரம் விறைக்கும். இன்னொன்று, தேதி திருத்திவிட்டுக் கீயை முழுசாக உள்ளே அழுத்தாமல் விட்டால் 100 மீட்டர் வாட்ச்சும் ஓட்டைப் பானைதான்.

மலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் வருகிற ஒரு தொல்லை உண்டு. கீழே சேலத்தில் சூட்டில் கிளம்புகிறீர்கள், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் பனிமூட்டத்துக்குள் நிற்கிறீர்கள். வாட்ச்சுக்குள் ஈரக் காற்று மாட்டியிருந்தால், குளிர்ந்த கண்ணாடியின் உள்பக்கத்தில் அது மூச்சுவிட்ட மாதிரி படியும். மழை நாளில் பின்மூடியைத் திறந்து செல் மாற்றினால்கூட இப்படி நேரலாம். லேசாகப் படிந்து, கீழே இறங்கியதும் போய், அடுத்த தடவை வராமல் இருந்தால் பயமில்லை. ஒவ்வொரு தடவையும் வந்தாலோ, துளியாகத் திரண்டு நின்றாலோ, தண்ணீருக்கு வழி இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே கடைக்குக் கொண்டு போங்கள். அரிசி டப்பாவில் புதைக்க வேண்டாம், மூடியிருக்கிற கேஸிலிருந்து அரிசி எதையும் உறிஞ்சாது. வீட்டிலேயே பார்க்க ஒரு வழி: வாட்ச் கையில் இருந்து வெதுவெதுப்பாக இருக்கும்போது கண்ணாடிமேல் ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டு வையுங்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துப் பாருங்கள். சொட்டு இருந்த இடத்தில் உள்பக்கம் மங்கல் தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

இதனால்தான் மிஷின் விஷயத்தில் நான் சோலார் பக்கம் சாய்கிறேன். சாதாரண செல் வாட்ச்சில் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை பின்மூடியைத் திறக்கிறோம். ஒவ்வொரு திறப்பிலும் ரப்பர் வளையம் முறுக்கிக்கொள்ளவும், ஈரம் உள்ளே போகவும் வாய்ப்பு. சிட்டிசனின் ஈகோ டிரைவ் மாதிரி வெளிச்சத்தில் சார்ஜ் ஆகிற வாட்ச்சைப் பல வருடம் திறக்கவே வேண்டாம், ஆபீஸ் வெளிச்சமும் ஞாயிற்றுக்கிழமை வெயிலும் போதும். அது உங்கள் தொகைக்குள் தள்ளுபடியில் வந்தால் யோசிக்காதீர்கள். வராவிட்டால் சாதாரண செல் வாட்ச்சே எடுங்கள், செல் மாற்றும்போது வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள். கை அசைவிலேயே சாவி ஏறி ஓடுகிற ஆட்டோமேட்டிக் எனக்கும் பிடிக்கும். ஆனால் நாளைக்குச் சில நொடி முன்பின் ஓடும், கனமும் கூடும், சர்வீஸ் செலவும் தனி. ஒரே வாட்ச் வைத்துக்கொள்கிறவருக்கு, முதல் வாட்ச்சாக அது வேண்டாம்.

கண்ணாடி லேசில் கீறல் விழாத சஃபையர் என்றால் நல்லது, ஆனால் இந்த விலையில் அதற்காக முழு ஸ்டீல் கேஸையோ 50 மீட்டரையோ விட்டுக்கொடுக்காதீர்கள். கீறின மினரல் கண்ணாடியைக் குறைந்த செலவில் மாற்றலாம், கேஸை மாற்ற முடியாது.

பணத்தை இப்படிப் பிரியுங்கள். செயினோடு வாட்ச்சுக்கு 7,500லிருந்து 8,000. லெதர் பெல்ட்டுக்கு 1,000, நைலானுக்கு 500. மீதியைத் தொடாமல் வையுங்கள், பின்னால் செல்லுக்கும் ரப்பர் வளையத்துக்கும் செலவு வரும். செயின் வாட்ச்சாகவே வாங்குவது முக்கியம். பெல்ட் வாட்ச் வாங்கிவிட்டு அப்புறம் செயின் தேடினால், கொம்பின் வளைவுக்குச் சரியாக உட்காருகிற செயின் தனியாகக் கிடைப்பது கஷ்டம். லெதரும் நைலானும் 18, 20 இடைவெளி உள்ள எந்த வாட்ச்சிலும் உட்காரும். டைட்டன், டைமெக்ஸ், கேசியோ என்று எல்லாரும் இந்த மாதிரி மூன்று முள் வாட்ச் செய்கிறார்கள். டைட்டன் என்றால் தொழிற்சாலையே பக்கத்தில் ஓசூரில். எந்தப் பெயராக இருந்தாலும் அதன் சர்வீஸ் சென்டர் சேலத்தில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, கடை முத்திரையும் தேதியும் போட்ட வாரண்டி கார்டோடு வாங்குங்கள்.

கடையில் செயினை உங்கள் கைக்குக் குறைத்துத் தருவார்கள். மத்தியானத்தில் போய் அளவு வையுங்கள். சூட்டில் கை கொஞ்சம் உப்பியிருக்கும், அந்த அளவுக்குக் கேஸ் நகராமலும் ஆள்காட்டி விரல் நுனி உள்ளே நுழைகிற மாதிரியும் இருந்தால் சரி. கொக்கியின் ஓரத்தில் வரிசையாகக் குட்டி ஓட்டைகள் இருக்கும். குளிர்ந்த இடத்துக்குப் போய்க் கை சுருங்கி வாட்ச் சுற்ற ஆரம்பித்தால், அங்கே ஒரு ஓட்டை தள்ளிப் போட்டுக்கொள்ளலாம், அதை எப்படி என்று கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். கண்ணியை இரண்டு பக்கமும் சமமாக எடுத்தார்களா என்றும் பாருங்கள், ஒரே பக்கம் எடுத்தால் கொக்கி கையின் நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு வந்துவிடும். கழற்றின கண்ணிகளையும் பின்களையும் மறக்காமல் கேட்டு வாங்கி வாரண்டி கார்டோடு போட்டு வையுங்கள். அந்த மாடல் நின்றுபோன பிறகு ஒரு கண்ணி உடைந்தால், அந்தப் பொட்டலத்தில் இருப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும் ஸ்பேர்.